1992 ஏப்ரல் 22 அன்று வாங்கியவர் எப்போது மீண்டார்?

பங்குச் சந்தை சரியும்போதெல்லாம் ஒரு அட்டவணை சுற்றுக்கு வருகிறது. எந்த ஆண்டு எத்தனை சதவீதம் விழுந்தது, பழைய உச்சத்தைத் தொட எத்தனை மாதம் ஆனது என்று இரண்டு பத்திகளில் போட்டிருப்பார்கள். 2020 கொரோனா சரிவுக்குப் பத்து மாதம். 2008-க்குச் சுமார் மூன்று ஆண்டு. 1992-க்கு இரண்டரை ஆண்டுக்கும் குறைவு. பார்ப்பவருக்கு மனம் ஆறிவிடும். மூன்று வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் போதும் என்று தோன்றும்.

இதில் 1992-க்கான கணக்கை மட்டும் பிரித்துப் பார்க்க விரும்புகிறேன். எண் தவறில்லை. ஆனால் அந்த எண்ணை நம்பி, 'நான் எத்தனை வருடம் காத்திருக்க வேண்டும்?' என்ற கேள்விக்கு விடை எழுதினால் அந்த விடை தவறாகிவிடும்.

1991 தொடக்கத்தில் சென்செக்ஸ் ஏறத்தாழ 1,000 புள்ளிகளில் இருந்தது. ஜூலையில் மன்மோகன் சிங்கின் பட்ஜெட் வந்தது, தாராளமயம் தொடங்கியது. ஆண்டு முடிவில் 1,909. அதன்பின் நான்கே மாதங்களில், 1992 ஏப்ரல் 22 அன்று, 4,467-இல் முடிந்தது. மறுநாள் காலை டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் சுசேதா தலால் எழுதிய செய்தி வெளியானது. வங்கிகளுக்கு இடையே கடன் பத்திரங்கள் கைமாறும் வழியில் புகுந்து, அந்தப் பணத்தைப் பங்குச் சந்தையில் பங்குத் தரகர் ஹர்ஷத் மேத்தா இறக்கியிருந்த கதை வெளியே வரத் தொடங்கியது. ஏப்ரல் 28 அன்று ஒரே நாளில் 570 புள்ளிகள், அதாவது 12.77 சதவீதம் போயிற்று. ஓராண்டு கழித்து, 1993 ஏப்ரலில், சென்செக்ஸ் 2,000-ஐ ஒட்டி நின்றது. உச்சத்தில் போட்ட பணத்தில் பாதிக்கு மேல் காணவில்லை.

பிறகு ஏறியது. 1994 செப்டம்பர் 12 அன்று 4,600-ஐத் தாண்டியது. அட்டவணையில் இருக்கும் மீட்சி இதுதான்: 29 மாதங்கள்.

1992 உச்சத்தில் 10,000 ரூபாய் போட்ட ஒருவரை நினைத்துக்கொள்வோம். 1994 செப்டம்பரில் அவர் முதல் கைக்கு வந்துவிட்டது. அந்த ஒரு சில வாரங்களில் விற்றிருந்தால் அட்டவணை சொல்வது அவருக்குப் பொருந்தும். ஆனால் இரண்டரை வருடம் நஷ்டத்தைத் தாங்கியவர், அசல் திரும்பிய வாரத்திலா விற்பார்? 'சந்தை திரும்பிவிட்டது, இனி லாபம்தான்' என்றுதான் இருந்திருப்பார். அந்த ஆண்டு முடியும்போதே சென்செக்ஸ் 3,927. அடுத்த ஆண்டு முடிவில் 3,110. 1996 முடிவில் 3,085. 1998 முடிவில் 3,055. இடையில் மென்பொருள் பங்குகளின் அலையில் 2000 பிப்ரவரியில் 5,900-ஐத் தாண்டியது, 2001 செப்டம்பரில் 2,600-க்கு வந்தது. 2002 முடியும்போது 3,377. முதலீடு செய்து பத்தரை ஆண்டுகள் கழித்து அவருடைய 10,000 ரூபாய் 7,560 ஆக நிற்கிறது.

2003 இலையுதிர்காலத்தில்தான் சென்செக்ஸ் 4,467-ஐக் கடந்து, அதன்பின் அந்த அளவுக்குக் கீழே முடியாமல் மேலே போனது. அப்போதும் தப்பியது மயிரிழையில். 2004 மே 17 அன்று, தேர்தல் முடிவுக்குப் பிந்தைய திங்கட்கிழமை, வர்த்தகத்தின் நடுவே அந்த எண்ணுக்குக் கீழே போய்விட்டுத்தான் 4,505-இல் முடிந்தது.

ஆக, முதல் தொடுதலுக்கு 29 மாதங்கள். நிலைத்த மீட்சிக்குப் பதினொன்றரை ஆண்டுகள். ஒரே சரிவு, இரண்டு விடைகள். சரிவைப் பற்றி எழுதுபவர்கள் முதல் விடையைத் தருவார்கள். முதலீடு செய்பவருக்குத் தேவைப்படுவது இரண்டாவது விடை.

அதுவும்கூடப் பாதி உண்மைதான். 2003-இல் திரும்பக் கிடைத்த 10,000 ரூபாய், 1992-இன் 10,000 ரூபாய் அல்ல. தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டின்படி, அந்தப் பதினோரு ஆண்டுகளில் விலைவாசி இரு மடங்குக்குச் சற்று மேல் உயர்ந்திருந்தது. 1992-இல் அந்தப் பணத்தால் வாங்க முடிந்ததை மறுபடி வாங்க வேண்டுமானால் சென்செக்ஸ் கிட்டத்தட்ட 10,000-க்குப் போயிருக்க வேண்டும். அது 2006 தொடக்கத்தில்தான் நடந்தது. டிவிடெண்ட்டைச் சேர்த்தால் இந்தத் தேதி கொஞ்சம் முன்னால் வரும், அவ்வளவுதான். உச்சத்தில் வாங்கியவருக்குப் போட்ட விலையில் ஆண்டுக்கு 1 சதவீதம்கூட டிவிடெண்ட் கிடைக்காத காலம் அது.

இன்னொரு அளவுகோலும் இருக்கிறது. பலருக்கும் மனதில் உறைப்பது இதுதான் என்று நினைக்கிறேன். அதே 10,000 ரூபாயை அதே நாளில் அஞ்சலகத்தில் பி.பி.எஃப். கணக்கில் போட்டிருந்தால்? 1986-லிருந்து 2000 ஜனவரி வரை பி.பி.எஃப். வட்டி 12 சதவீதம். பிறகு 11, 9.5, 9, 2003 மார்ச்சிலிருந்து 8 என்று இறங்கியது. வட்டிக்கு வரி கிடையாது. இந்த விகிதங்களை வைத்துக் கூட்டினால் 2002 முடிவில் சுமார் 32,000 ரூபாய் ஆகிறது. சென்செக்ஸ்காரர் கையில் அதே நாளில் 7,560, கூடவே சேர்ந்த டிவிடெண்ட். பி.பி.எஃப். கணக்கு 2007 முடிவில் சுமார் 47,000-ஐத் தொடுகிறது. சென்செக்ஸ் அப்போது 20,287. அதாவது 10,000 ரூபாய் சுமார் 45,400 ஆகியிருக்கிறது. டிவிடெண்ட்டைக் கூட்டினால்தான் பங்குக்காரர் முந்துகிறார், அதுவும் அந்த ஆண்டின் கடைசிப் பகுதியில். பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து, இந்தியச் சந்தை அதுவரை கண்டதிலேயே மிகப் பெரிய ஏற்றத்தின் உச்சியில்தான் அஞ்சலகப் பாஸ்புத்தகத்தை எட்டிப் பிடிக்கிறார். அடுத்த ஆண்டே அந்த முன்னிலை போய்விட்டது.

இவ்வளவு நீண்டதற்கு என்ன காரணம்? 1997 ஆசிய நெருக்கடி, 1998 பொக்ரான் சோதனைக்குப் பிந்தைய பொருளாதாரத் தடைகள், 2001-இல் பங்குத் தரகர் கேத்தன் பரேக் விவகாரம், அதே ஆண்டு யூனிட் டிரஸ்டின் யு.எஸ். 64 திட்டம் முடங்கியது என்று வரிசையாகச் சொல்லலாம். எல்லாமே நடந்தவைதான். ஆனால் அவற்றுக்கெல்லாம் அடியில் ஒரு எளிய கணக்கு இருக்கிறது.

1992 ஏப்ரலில் சென்செக்ஸின் பி.இ. விகிதம் 50-க்கும் மேலே இருந்தது. ஒரு ரூபாய் ஆண்டு லாபத்துக்கு ஐம்பது ரூபாய்க்கு மேல் விலை கொடுத்தார்கள் என்று பொருள். திருப்பிப் போட்டால், சென்செக்ஸ் நிறுவனங்களின் லாபம் ஒரு குறியீட்டு அலகுக்குச் சுமார் 80 ரூபாய். 2003-இன் முதல் பாதியில் அந்த லாபம் 250 ரூபாயைத் தாண்டிவிட்டது. பதினோரு ஆண்டுகளில் நிறுவனங்கள் தங்கள் சம்பாத்தியத்தை மும்மடங்காக்கியிருந்தன. தொழில் தேங்கவில்லை, நாடு தேங்கவில்லை. ஆனால் அந்த லாபத்துக்குச் சந்தை கொடுத்த விலை, 50 மடங்கிலிருந்து 12, 13 மடங்குக்கு வந்துவிட்டது. லாபம் மூன்று மடங்கு ஏற, மதிப்பீடு நான்கில் ஒன்றாகச் சுருங்கினால் விலை கீழேதான் இருக்கும். 1992-இல் வாங்கியவர், அடுத்த பத்து ஆண்டுகளின் வளர்ச்சிக்கான விலையை முன்கூட்டியே கட்டிவிட்டார். நிறுவனங்கள் அந்த விலைக்கு வளர்ந்து வரும்வரை அவர் உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று.

ஜப்பானிலும் இதே கணக்குதான், இன்னும் பெரிய அளவில். நிக்கேய் குறியீடு 1989 டிசம்பர் 29 அன்று 38,915-இல் முடிந்தது. லாபத்தைப் போல 60 மடங்கு வாக்கில் விலை. நிலத்தின் விலையும் அதோடு சேர்ந்து ஊதியிருந்தது. 2009 மார்ச்சில் 7,054. பழைய உச்சத்தை மறுபடி கடந்த நாள் 2024 பிப்ரவரி 22. முப்பத்து நான்கு ஆண்டுகள். நாற்பது வயதில் வாங்கியவருக்கு எழுபத்து நான்கு வயதாகிவிட்டது.

அமெரிக்காவின் 1929 சரிவை 'மீள 25 ஆண்டுகள்' என்று மேற்கோள் காட்டுவார்கள். டவ் ஜோன்ஸ் 1929 செப்டம்பர் 3 அன்று 381-இல் இருந்து, 1932 ஜூலையில் 41-க்கு வந்து, 1954 நவம்பரில்தான் 382-ஐத் தொட்டது. எண் சரி, ஆனால் இங்கே அது எதிர்ப் பக்கம் ஏமாற்றுகிறது. சரிவைத் தொடர்ந்த முதல் சில ஆண்டுகளில் அமெரிக்காவில் விலைவாசி ஏறவில்லை, இறங்கியது. அடிமட்டத்தில் பங்குகளின் டிவிடெண்ட் 10 சதவீதம் வரை போனது. அந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 1936 இறுதி வாக்கிலேயே வாங்கும் சக்தி திரும்பிவிட்டது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதுவும் நிலைக்கவில்லை, 1937-இல் மறுபடி பெரிய சரிவு. ஆனாலும் அடிமட்டத்திலிருந்து நாலரை, உச்சத்திலிருந்து ஏழே கால் ஆண்டு என்பதற்கும் 25 ஆண்டு என்பதற்கும் நடுவே எவ்வளவு தூரம்! நம் நாட்டில் விலைவாசி எப்போதும் ஏறுமுகம். ஆகவே நமக்கு வெறும் குறியீட்டு எண் காட்டும் மீட்சித் தேதி எப்போதும் உண்மையைவிட முன்னால்தான் இருக்கும்.

2008-ஐயும் இதே கண்ணோடு பார்க்கலாம். ஜனவரி 8 அன்று 20,873-இல் முடிந்த சென்செக்ஸ், 2009 மார்ச் 9 அன்று 8,160. 2010 நவம்பர் 4 அன்று பழைய உச்சத்தைச் சற்றே தாண்டி, மறுநாள் தீபாவளி முகூர்த்த வர்த்தகத்தில் 21,004-இல் முடிந்தது. அட்டவணையில் பதிவாகும் மீட்சி அந்தத் தீபாவளி. ஆனால் 2011 டிசம்பரில் அது மறுபடி 15,175-இல் இருந்தது. நிலையாகத் தாண்டியது 2014-இன் தொடக்க மாதங்களில். இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் இங்கே விலைவாசி ஆண்டுக்கு ஏறத்தாழ 10 சதவீதம் ஏறியது. 2014-இல் திரும்பக் கிடைத்த ரூபாயால் 2008-இல் வாங்கியதில் பாதிக்குச் சற்று மேல்தான் வாங்க முடிந்தது.

2020 மட்டும் வேறு மாதிரி. மார்ச் 23 அன்று ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்து 25,981. நவம்பர் 9 அன்று 42,500-ஐத் தாண்டி ஜனவரி உச்சத்தைக் கடந்தது, பின்னால் திரும்பிப் பார்க்கவே இல்லை. இந்த ஒரு சரிவை மட்டும் அனுபவித்தவர்கள் நிறையப் பேர் இன்று சந்தையில் இருக்கிறார்கள். அந்த ஆண்டுதான் லட்சக்கணக்கானவர்கள் டீமேட் கணக்குத் தொடங்கினார்கள். சரிவு என்றால் பத்து மாதம் என்று அவர்கள் உடம்பிலேயே பதிந்திருக்கும். எனக்கு இது கவலை தருகிறது. நூறு ஆண்டுச் சந்தை வரலாற்றில் அப்படிப்பட்ட மீட்சி விதிவிலக்கு. உலகின் மைய வங்கிகள் எல்லாம் ஒரே நேரத்தில் வட்டியைக் குறைத்துப் பணத்தை இறக்கியதால் வந்தது அது.

பி.இ. விகிதத்தைப் பார்த்து மீட்சிக் காலத்தைக் கணித்துவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். 2008 ஜனவரியிலும் 2020 ஜனவரியிலும் அந்த விகிதம் ஏறக்குறைய ஒன்றுதான், 25-ஐ ஒட்டி. ஒன்றுக்கு ஆறு ஆண்டு, மற்றொன்றுக்குப் பத்து மாதம். 50, 60 என்ற உயரத்தில் அந்த விகிதம் தெளிவாகப் பேசுகிறது. 25-இல் அது எதையும் உறுதியாகச் சொல்வதில்லை.

இனி, ஒரே தடவையில் போடாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டவரைப் பார்ப்போம். எஸ்.ஐ.பி. போட்டால் இந்தப் பிரச்சினை இல்லை என்று சொல்லப்படுவதால் இதைச் செய்து பார்ப்பது அவசியம். 1992 முதல் 2002 வரை ஒவ்வொரு டிசம்பர் கடைசியிலும் ஒருவர் சென்செக்ஸில் 10,000 ரூபாய் போட்டார் என்று வைத்துக்கொள்கிறேன். (அன்று இந்தியாவில் குறியீட்டு நிதியே கிடையாது, 90-களின் பின்பகுதியில்தான் வந்தது. கணக்குக்காக மட்டும் இந்தக் கற்பனை.) மொத்தம் பதினொரு தவணை, 1,10,000 ரூபாய். விலை குறைந்த ஆண்டுகளில் அதிக அலகுகள் கிடைக்கும் என்பதால் அவருடைய சராசரி வாங்கு விலை 3,399 ஆகிறது. உச்சத்தில் வாங்கியவருக்கு 4,467. இந்த அளவுக்கு எஸ்.ஐ.பி. நன்றாகவே வேலை செய்திருக்கிறது.

ஆனால் 2002 டிசம்பர் கடைசியில் சென்செக்ஸ் 3,377. பதினொரு தவணை ஒழுங்காகக் கட்டிய மனிதரின் 1,10,000 ரூபாய், 1,09,300 ஆக நிற்கிறது. தவறான நாளில் வாங்கவில்லை, பயந்து விற்கவில்லை, ஒரு ஆண்டுகூடத் தவறவில்லை. டிவிடெண்ட்டை விட்டால் பத்து ஆண்டுகளின் வருமானம் பூஜ்யம். தவணை முறை உச்சத்தில் மாட்டுவதிலிருந்து காப்பாற்றும். சந்தை பத்து வருடம் ஒரே இடத்தில் கிடந்தால் அதிலிருந்து காப்பாற்றாது.

அடுத்த ஆண்டு அவர் ஒரு ரூபாய்கூடப் போடவில்லை, சும்மா இருந்தார். 2003 டிசம்பரில் சென்செக்ஸ் 5,839. அவருடைய 1,09,300, சுமார் 1,89,000 ஆகிவிட்டது. 2007 முடிவில் சுமார் 6,56,000. பத்து ஆண்டுகள் எதுவும் தராத சந்தை, அடுத்த ஐந்து ஆண்டுகளில் எல்லாவற்றையும் தந்தது. 2002 டிசம்பரில் களைத்துப்போய் வெளியேறிய ஒருவரும், பன்னிரண்டு மாதம் கூடுதலாக இருந்த ஒருவரும் போட்டது ஒரே தொகை. எடுத்தது வேறு வேறு.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் இந்தக் கணக்குகள் எல்லாம் அளவுக்கு மீறி நல்லவையாகத் தெரியும். சென்செக்ஸ் என்பது அதே முப்பது பங்குகள் அல்ல. 1996 ஆகஸ்டில் ஒரே வீச்சில் பாதிப் பங்குகளை மாற்றினார்கள். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் போன்றவை ஒரு காலத்தில் சென்செக்ஸில் இருந்தவை. 1993-இல்தான் சந்தைக்கே வந்த இன்ஃபோசிஸ் 1998-இல் உள்ளே நுழைந்தது. குறியீடு தோற்றுப்போன நிறுவனங்களைக் கழற்றிவிட்டு, எழுந்தவற்றைச் சேர்த்துக்கொள்ளும். வீட்டு பீரோவில் காகிதச் சான்றிதழாகப் பங்குகளை வைத்திருந்தவர் அப்படிச் செய்யவில்லை. 1992-இல் தாங்களே பங்கு பொறுக்கி வாங்கியவர்களில் பலருக்கு 2003 மீட்சி வரவில்லை, 2006 மீட்சியும் வரவில்லை. அந்த நிறுவனங்களே இல்லாமல் போயின. 'சந்தை எப்போதும் மீளும்' என்பது குறியீட்டுக்குப் பொருந்தும் வாக்கியம். தனிப் பங்குக்கு அப்படி எந்த உறுதியும் கிடையாது.

சரி, எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும்? 1992 முடிவிலிருந்து ஆண்டு இறுதி எண்களை மட்டும் எடுத்துச் சரிபார்த்தேன். ஐந்து ஆண்டு வைத்திருந்தவர்களில் 1993, 1997, 2007 முடிவில் வாங்கியவர்கள் டிவிடெண்ட் இல்லாமல் நஷ்டத்தில் முடித்திருக்கிறார்கள். பத்து ஆண்டு வைத்திருந்தவர்களில் யாருக்கும் நஷ்டமில்லை, ஆனால் மோசமானவருக்கு ஆண்டுக்கு 2.6 சதவீதம்தான். 1992 முடிவில் வாங்கி 2002 முடிவில் விற்றவர் அவர். பதினைந்து ஆண்டு வைத்திருந்தவர்களில் மிக மோசமானவருக்கு 7.3 சதவீதம். அவர் 1993 முடிவில் வாங்கி, 2008 முடிவில், நெருக்கடியின் நடுவே, விற்றவர்.

இந்த எண்களிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. ஆண்டு இறுதியை மட்டும் பார்த்ததால் 1992 ஏப்ரல் உச்சம் இதில் மறைந்துவிட்டது. அந்த நாளில் வாங்கிப் பத்து ஆண்டு வைத்திருந்தவர் நஷ்டத்தில்தான் இருந்தார். ஆகவே 'பத்து ஆண்டு வைத்திருந்தால் பங்கில் நஷ்டமே வராது' என்று யாராவது சொன்னால், எந்தத் தேதிகளை எடுத்தீர்கள் என்று கேட்க வேண்டும்.

இருந்தாலும் இந்த மூன்று வரிகளுக்கு நடுவே ஒரு விஷயம் புலப்படுகிறது. காலம் நீள நீள, எப்போது வாங்கினோம் என்பதன் பாரம் குறைகிறது. எப்போது எடுக்கிறோம் என்பதன் பாரம் குறைவதில்லை, கூடுகிறது, ஏனென்றால் கடைசி ஆண்டுகளில்தான் தொகை பெரிதாக இருக்கும். பதினைந்து ஆண்டில் மிக மோசமானவரைக் கெடுத்தது அவர் வாங்கிய 1993 அல்ல, விற்ற 2008. அவரே ஓராண்டு முன்பு, பதினான்கு ஆண்டில், விற்றிருந்தால் ஆண்டுக்கு 13 சதவீதத்துக்கும் மேல் கிடைத்திருக்கும்.

எனவே வைத்திருக்கும் காலத்தைத் தொடக்கத்திலிருந்து எண்ணுவதைவிட, பணம் தேவைப்படும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுவது சரி என்பது என் கருத்து. 2009 ஜூனில் மகளுக்குக் கல்லூரிச் சேர்க்கை. அதற்காக ஒரு தந்தை 1998 முதல் 2007 வரை ஆண்டு முடிவுதோறும் 10,000 ரூபாய் சென்செக்ஸில் போடுகிறார். பத்துத் தவணை, ஒரு லட்சம். 2007 முடிவில் அது சுமார் 3,92,000. கல்லூரிக்கு இதை வைத்துத்தான் அவர் திட்டம் போட்டிருப்பார். 2008 முடிவில் சுமார் 1,86,000. 2009 மார்ச் 9 அன்று சுமார் 1,58,000. அசலுக்கு மேல் லாபம்தான், ஆனால் கட்டணம் கட்டப் போதாது. சந்தை மீளும் என்று 2010 தீபாவளி வரை காத்திருக்கக் கல்லூரி சம்மதிக்காது.

அதே தந்தை, தேதிக்கு இரண்டரை ஆண்டு முன்பு, 2006 டிசம்பரில் சென்செக்ஸ் 13,787-இல் இருந்தபோது, சேர்ந்திருந்த சுமார் 2,60,000-இல் பாதியை எடுத்து வங்கியில் 8 சதவீத எஃப்.டி.யில் போட்டார் என்று மாற்றிப் பார்க்கிறேன். 2008 முடிவில் எஃப்.டி. சுமார் 1,51,000, சந்தையில் இருந்த மீதி சுமார் 96,000. மொத்தம் 2,47,000. எதையும் எடுக்காமல் இருந்ததைவிட 61,000 ரூபாய் அதிகம்.

இதற்கு அவர் ஒரு விலை கொடுத்திருக்கிறார். 2007 முழுக்கச் சந்தை ஏறிக்கொண்டே போனது. அந்த டிசம்பரில் அவர் கணக்கு சுமார் 3,41,000. எடுக்காமல் இருந்திருந்தால் 3,92,000. ஐம்பதாயிரம் ரூபாயை வீணாக விட்டுவிட்டோமே என்று ஓராண்டு முழுக்க அவர் நினைத்திருப்பார், சுற்றி இருந்தவர்களும் சொல்லியிருப்பார்கள். இந்த முறையில் தோற்பவர்கள் பெரும்பாலும் அந்த ஓராண்டில்தான் தோற்கிறார்கள். எடுத்த பணத்தைத் திரும்பச் சந்தையில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவார்கள், அநேகமாக உச்சத்துக்கு மிக அருகில்.

தேவை நெகிழக்கூடியது என்றால், உதாரணமாக வீடு கட்டுவதை மூன்று ஆண்டு தள்ளிப்போட முடியும் என்றால், கடைசி இரண்டு ஆண்டுவரைகூடச் சந்தையில் அதிகமாக இருக்கலாம். கல்லூரிச் சேர்க்கைக்கும் மருத்துவச் செலவுக்கும் தேதியைத் தள்ள முடியாது. அவற்றுக்கு ஐந்து ஆண்டு இருக்கும்போதே ஆண்டுக்கு ஐந்தில் ஒரு பங்காக வெளியே எடுக்கத் தொடங்கலாம். 1993, 1997, 2007 முடிவில் வாங்கியவர்களுக்கு ஐந்து ஆண்டு போதவில்லை என்று மேலே பார்த்தோம். ஐந்து என்று நான் சொல்வதற்கு அதுவே ஆதாரம். ஓய்வூதியத்துக்கான பணம் என்றால் ஒரே நாளில் எல்லாம் தேவைப்படாது. அடுத்த ஐந்தாண்டுச் சாப்பாட்டுக்கும் வாடகைக்குமான தொகை எஃப்.டி.யிலோ அஞ்சலகத்திலோ இருந்துவிட்டால், மீதி சந்தையிலேயே கிடக்கலாம். 1992-க்குப் பிந்தைய பத்து ஆண்டுகள் மறுபடி வந்தால் அந்த ஐந்தாண்டுத் தொகையும் தீர்ந்துவிடும். அப்போது இறங்கிய விலையில் கொஞ்சம் விற்கத்தான் வேண்டியிருக்கும், செலவையும் சுருக்க வேண்டியிருக்கும். ஜப்பானில் 1990-இல் பங்குகளை நம்பி ஓய்வுபெற்றவர்களுக்கு அதுதான் நடந்திருக்கும்.